குவாண்டம் இயக்கவியலின் எடுகோள்கள்: உவமையோடு தொடங்கி, உவமை உடையும் இடத்தில் நின்று படிக்க ஒரு வழிகாட்டி

இயற்பியல் இளங்கலை முதலாண்டில் குவாண்டம் இயக்கவியலின் எடுகோள்களை நான் முதலில் மனப்பாடம் செய்தேன், பிறகு உவமைகளால் புரிந்துகொள்ள முயன்றேன். இரண்டு வழியிலும் இடறினேன். மனப்பாடம் செய்தவை கணக்குப் போட உதவவில்லை. உவமைகள் கணக்குப் போட உதவின, ஆனால் தவறான விடையைத் தந்தன. ஓர் உவமை எந்த ஒரு கருத்தைச் சொல்வதற்காகக் கொண்டுவரப்பட்டதோ அதற்கு மட்டுமே அது செல்லும் என்பதையும், அது எந்த இடத்தில் உடைகிறது என்பதையும் யாரும் சேர்த்துச் சொல்லாததே காரணம் என்று பின்னர்தான் விளங்கியது. அந்த இடங்களை வரிசையாகக் குறித்து வைக்கிறேன்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கணிதத்தில் இரண்டு மட்டும் போதும். ஒன்று, கலப்பெண்ணின் மட்டு மதிப்பைக் கண்டுபிடித்து வர்க்கம் ஆக்கத் தெரிய வேண்டும். மற்றொன்று, இரண்டு வரிசை, இரண்டு நிரல் கொண்ட அணிக்கு ஐகன் மதிப்புகளும் ஐகன் வெக்டார்களும் காணத் தெரிய வேண்டும். இவை மறந்திருந்தால் இரண்டு மாலைகளை இவற்றுக்கே ஒதுக்குங்கள். அதன் பிறகு கீழே வரும் ஒவ்வொரு படிக்கும் ஒரு மாலை என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். செலவு ஒரு நோட்டுப் புத்தகம்தான். ஐந்தாம் படியில் வரும் சோதனையைச் செய்து பார்க்க விரும்பினால், போலராய்டு வகைக் குளிர்கண்ணாடிகள் இரண்டை யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான பாடத்திட்டங்கள் அலைச் சார்பில் தொடங்குகின்றன. அங்கே தொடங்கினால் தொகையீடுகளோடு போராடும் மும்முரத்தில் எடுகோள் கண்ணிலேயே படாது. இரண்டே விடைகள் உள்ள ஸ்பின்னில், அதாவது எலக்ட்ரானின் உள்ளார்ந்த கோண உந்தத்தில், தொடங்குங்கள். எல்லா எடுகோள்களும் அங்கே முழுமையாக இருக்கின்றன, கணக்கோ நான்கு வரியில் முடிந்துவிடுகிறது.

நாம் கடைசிவரை பயன்படுத்தப் போகும் கருவி, 1922இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஸ்டெர்ன், கெர்லாக் இருவரும் செய்த சோதனையில் உள்ளது. உலையில் ஆவியாக்கிய வெள்ளி அணுக்களை மெல்லிய கற்றையாக்கி, இடத்துக்கு இடம் வலிமை மாறும் காந்தப் புலத்தின் வழியே அனுப்பினால், கற்றை பரவலாக விரியாமல் இரண்டாகப் பிரிகிறது. வெள்ளி அணுவின் 47 எலக்ட்ரான்களில் 46 எலக்ட்ரான்களின் விளைவு ஒன்றையொன்று ஈடுசெய்துவிட, எஞ்சிய ஒன்றின் ஸ்பின்தான் இந்தப் பிரிவுக்குக் காரணம். காந்தத்தை நிமிர்த்தி வைத்தால் அணுக்கள் மேல், கீழ் என்றும், பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் வலம், இடம் என்றும் பிரியும். முதல் வகையை நிமிர் அளவீடு என்றும், இரண்டாவதைக் கிடை அளவீடு என்றும் இந்தக் கட்டுரையில் அழைக்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை: ஒரு நூலில் எடுகோள்கள் ஐந்து என்றிருக்கும், வேறொன்றில் ஏழு என்றிருக்கும். உள்ளடக்கம் ஒன்றுதான், பிரித்து எண்ணும் முறைதான் வேறு. எண்ணிக்கையை ஒப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

## 2. முதல் எடுகோள்: நிலை என்பது ஒரு வெக்டார்

எடுகோள் சொல்வது இது: ஒரு பொருளைப் பற்றி அறியக்கூடிய அனைத்தும் ஒரு வெக்டாரில் அடங்கியிருக்கிறது. அதன் நீளம் 1. கிடை அளவீட்டில் உறுதியாக வலம் என்று விடை தரும் அணுவின் நிலையையும், இடம் என்று விடை தரும் நிலையையும் நிமிர் நிலைகளைக் கொண்டு இப்படி எழுதலாம். | ⟩ குறிக்குள் இருக்கும் அம்பு, அந்த நிலை உறுதியாகத் தரும் விடையைக் காட்டுகிறது:

|→⟩ = (|↑⟩ + |↓⟩)/√2

|←⟩ = (|↑⟩ − |↓⟩)/√2

உவமைக்கு, ஒரு திறந்த வெளியில் வடகிழக்கு நோக்கி நடப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய நடையில் வடக்குப் பங்கும் கிழக்குப் பங்கும் சமமாக இருக்கின்றன. அதற்காக வடக்கே ஒருவரும் கிழக்கே ஒருவருமாக இரண்டு பேர் நடப்பதாக நாம் சொல்வதில்லை. அவர் ஒரே திசையில்தான் செல்கிறார். அந்தத் திசையை வடக்கு, கிழக்கு என்ற அச்சுகளைக் கொண்டு எழுதியது நம்முடைய தேர்வு. "எலக்ட்ரான் ஒரே நேரத்தில் மேலும் கீழுமாக இருக்கிறது" என்று பரவலாகச் சொல்லப்படும் வாக்கியத்தைக் காட்டிலும் இந்த உவமை நேர்மையானது. |→⟩ நிலை தன்னளவில் முற்றிலும் தெளிவான ஒரு நிலை.

உவமை உடையும் இடங்கள் இரண்டு. முதலாவது, மேலும் கீழும் நாம் வாழும் வெளியில் எதிரெதிர்த் திசைகள், அவற்றுக்கு இடையே 180 பாகை. ஆனால் நிலைகளின் வெளியில் |↑⟩, |↓⟩ இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை, அதாவது 90 பாகை. ஸ்பின் கணக்குகளில் கோணம் எப்போதும் பாதியாக வருவதற்கு இதுவே காரணம். நான் தேர்வில் |↓⟩ = −|↑⟩ என்று எழுதி, அதன்மேல் ஒரு பக்கக் கணக்கைக் கட்டியிருக்கிறேன். மதிப்பெண் இழந்த பிறகுதான் வரைபட அம்பு என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று தெரிந்தது. உண்மையில் −|↑⟩ என்பதும் |↑⟩ என்பதும் ஒரே நிலைதான். நிலை முழுவதையும் மட்டு மதிப்பு 1 உள்ள எண்ணால் பெருக்கினால் எந்த அளவீட்டிலும் மாற்றம் தெரியாது.

இரண்டாவது, பங்குகள் கலப்பெண்களாக இருக்கலாம். (|↑⟩ + i|↓⟩)/√2 என்பது வலமும் இடமும் அல்லாத மூன்றாவது திசையில், அதாவது முன்னும் பின்னுமான அச்சில், உறுதியான விடை தரும் நிலை. இதைத் தரையில் வரையும் எந்த அம்பாலும் காட்ட முடியாது. பங்குகளுக்கு இடையிலான குறியும் i-யும் உண்மையான விவரங்கள் என்பதை மட்டும் நோட்டில் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

## 3. இரண்டாம் எடுகோள்: அளக்கக்கூடியவை செயலிகள், விடைகள் ஐகன் மதிப்புகள்

அளக்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலி உண்டு. ஸ்பின்னுக்கு அது ஒரு ஹெர்மிட்டியன் அணி, அதாவது வரிசைகளை நிரல்களாக்கி ஒவ்வோர் எண்ணிலும் i-யின் குறியை மாற்றினாலும் மாறாத அணி. அளவீட்டில் கிடைக்கக்கூடிய எண்கள் அந்த அணியின் ஐகன் மதிப்புகள் மட்டுமே. கிடை ஸ்பின்னுக்கான அணி இது:

S = (ħ/2) × [[0, 1], [1, 0]]

இதில் ħ என்பது பிளாங்க் மாறிலியை 2π ஆல் வகுத்த எண். இந்த அணியின் ஐகன் மதிப்புகள் +ħ/2, −ħ/2. விண்ணப்பப் படிவத்தில் "ஆம்" என்றும் "இல்லை" என்றும் இரண்டு கட்டங்கள் மட்டும் அச்சிடப்பட்ட கேள்வியைப் போன்றது இது. நிரப்புபவர் எவ்வளவு தயங்கினாலும் இடையில் ஒரு விடை எழுத இடம் கிடையாது. |↑⟩ நிலையில் கிடை ஸ்பின்னின் சராசரி பூச்சியம். ஆனால் பூச்சியம் என்ற விடை ஒரு தனி அளவீட்டில் ஒருபோதும் வராது.

படிவத்தை நிரப்புபவருக்குத் தம் விடை முன்கூட்டியே தெரியும். |↑⟩ நிலையில் உள்ள அணுவுக்குக் கிடை அளவீட்டின் விடை முன்பே எழுதி வைக்கப்பட்டிருப்பதாகக் கொள்ள எடுகோள் எந்த இடமும் தரவில்லை. உவமை இங்கேயே உடைகிறது.

மாணவர்கள் மிகுதியாக விழும் பொறி ஒன்று இந்தப் படியில் இருக்கிறது. அணியை நிலையின்மேல் பெருக்குவதுதான் அளவீடு என்று நினைத்துவிடுகிறோம். மேலே உள்ள S அணியை |↑⟩ மீது செலுத்திப் பாருங்கள், (ħ/2)|↓⟩ என்று வரும். அப்படியானால் கிடை அளவீடு செய்தால் அணு கீழ்நிலைக்குப் போய்விடும் என்று பொருளா? இல்லை. அளவீட்டுக்குப் பிறகு அணு |→⟩ அல்லது |←⟩ நிலையில்தான் இருக்கும். அணி என்பது கேள்வித்தாள். எந்த விடைகள் சாத்தியம், எந்த நிலைகள் அவற்றுக்கு உரியவை என்பதை அது சொல்கிறது. அதைப் பெருக்கும் செயலுக்கும் ஆய்வகத்தில் நடப்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

## 4. மூன்றாம் எடுகோள்: நிகழ்தகவு வீச்சின் வர்க்கம்

1926இல் மாக்ஸ் போர்ன் தந்த விதி இது. நிலையில் ஒரு விடைக்கு உரிய பங்கை வீச்சு என்கிறோம். அதன் மட்டு மதிப்பின் வர்க்கமே அந்த விடை வருவதற்கான நிகழ்தகவு. |→⟩ நிலையில் மேல் என்ற விடைக்கான வீச்சு 1/√2, ஆகவே நிகழ்தகவு 1/2.

வழக்கமான உவமை, சுண்டிவிட்டு உள்ளங்கையால் மூடிய நாணயம். பூவா தலையா என்று கையைத் திறக்கும்வரை தெரியாது, இரண்டுக்கும் சம வாய்ப்பு. ஒரே ஓர் அளவீட்டின் நிகழ்தகவைச் சொல்வதற்கு இது சரியாகவே இருக்கிறது. ஆனால் எல்லா உவமைகளிலும் இதுதான் மிகுந்த தீங்கு செய்கிறது என்பது என் கருத்து. மூடிய கைக்குள் விடை ஏற்கெனவே இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. |→⟩ நிலை அப்படிப்பட்ட அறியாமை அல்ல என்பதைக் கீழ்க்கண்ட கணக்கு காட்டும். இதைப் பார்த்து எழுதாமல், ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள்.

|→⟩ நிலையில் உள்ள அணுவை நிமிர்க் காந்தத்துக்குள் அனுப்பி இரண்டு பாதைகளாகப் பிரிக்கிறோம். எந்தப் பாதையில் சென்றது என்ற தடயம் எங்கும் பதியாமல், இரண்டு பாதைகளையும் மறுபடி அப்படியே ஒன்றாகச் சேர்க்கிறோம். பிறகு கிடை அளவீடு செய்கிறோம். நாணய உவமையின்படி, பாதி அணுக்கள் மேல்நிலையில் இருந்தன, பாதி கீழ்நிலையில் இருந்தன. இரண்டு நிலைகளுமே வலம் என்ற விடையை 1/2 நிகழ்தகவோடு தரும். ஆகவே வலம் வருவதற்கான வாய்ப்பு 1/2 × 1/2 + 1/2 × 1/2 = 1/2.

எடுகோளின்படி வீச்சுகளை முதலில் கூட்ட வேண்டும், அதன் பிறகே வர்க்கம் ஆக்க வேண்டும். வலத்துக்கு மேல்பாதை வழியாக (1/√2)(1/√2) = 1/2, கீழ்ப்பாதை வழியாகவும் 1/2. கூட்டினால் 1, வர்க்கமும் 1. இடத்துக்கு மேல்பாதை வழியாக 1/2, கீழ்ப்பாதை வழியாக −1/2. கூட்டினால் பூச்சியம். அணு ஒவ்வொரு முறையும் வலம் என்றே விடை தரும். நாணயங்களின் நிகழ்தகவுகளுக்குக் கழித்தல் குறி கிடையாது. அவை ஒன்றையொன்று அழிக்க முடியாது, வீச்சுகளால் முடியும். வெள்ளி அணுக்களை இவ்வளவு துல்லியமாக மீண்டும் சேர்ப்பது மிகக் கடினம். ஆனால் ஒளியைக் கொண்டும் நியூட்ரான்களைக் கொண்டும் இதே வகைக் கணக்கு ஆய்வகங்களில் சரிபார்க்கப்பட்டிருக்கிறது.

எப்போது வீச்சைக் கூட்டுவது, எப்போது நிகழ்தகவைக் கூட்டுவது என்ற குழப்பம் தேர்வறையில் கட்டாயம் வரும். பாதையின் தடயம் உலகில் எங்காவது பதிந்திருந்தால் நிகழ்தகவைக் கூட்டுங்கள். எங்குமே பதியவில்லை என்றால் வீச்சைக் கூட்டுங்கள். "யாரும் பார்க்கவில்லை" என்பது போதுமான நிபந்தனை ஆகாது. வழியில் மோதிய ஒரு காற்று மூலக்கூறு தடயத்தைச் சுமந்து சென்றிருந்தாலும், மனிதர் எவரும் பார்க்காவிட்டாலும், கூட்ட வேண்டியது நிகழ்தகவைத்தான்.

## 5. நான்காம் எடுகோள்: அளந்த பிறகு நிலை மாறிவிடுகிறது

அளவீட்டில் ஒரு விடை கிடைத்தவுடன், நிலை அந்த விடைக்கு உரிய ஐகன் வெக்டாராகிவிடுகிறது. உடனே அதே அளவீட்டை மறுபடி செய்தால் அதே விடைதான் வரும்.

இதற்குச் சல்லடை நல்ல உவமை. ரவையைச் சலித்துக் கீழே விழுந்ததை அதே சல்லடையில் மறுபடி இட்டால் முழுவதும் கீழேதான் விழும். நிமிர்க் காந்தத்தில் மேலே வந்த அணுக்களை இரண்டாவது நிமிர்க் காந்தத்துக்குள் அனுப்பினால் அனைத்தும் மேலேதான் வருகின்றன. இதுவரை பொருத்தம் சரி.

இப்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு கிடைக் காந்தத்தை வையுங்கள். மேலே வந்தவை 1000 அணுக்கள் என்று கொள்வோம். கிடைக் காந்தத்தில் ஏறத்தாழ 500 வலமாகவும் 500 இடமாகவும் பிரியும். வலமாக வந்த 500ஐ மட்டும் கடைசி நிமிர்க் காந்தத்துக்குள் அனுப்பினால் ஏறத்தாழ 250 மேலே வருகின்றன, 250 கீழே வருகின்றன. கீழ்நிலை அணுக்களை முதல் காந்தத்திலேயே விலக்கிவிட்டோமே, இவை எங்கிருந்து வந்தன? சல்லடை உவமையில் இதற்கு விடையே கிடையாது. நைசான ரவையை நிறம் பார்த்துப் பிரித்தால் அதில் பாதி பருமனாகிவிடுவதில்லை. சல்லடை, இருக்கும் பண்பைப் பார்த்துப் பிரிக்கிறது. அளவீடோ புதிய நிலையை உண்டாக்குகிறது, முந்தைய விடையின் செல்லுபடியை நீக்கிவிடுகிறது. நிமிர் ஸ்பின், கிடை ஸ்பின் அணிகளை எந்த வரிசையில் பெருக்குகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்ற கணிதக் கூற்றுக்கு ஆய்வகப் பொருள் இதுதான்.

இதற்கு இணையான ஒன்றை வீட்டிலேயே பார்க்கலாம். எல்.சி.டி. கணினித் திரையிலிருந்து வரும் ஒளி முனைவாக்கப்பட்டது. குளிர்கண்ணாடியின் வில்லையைத் திரைக்கு முன் வைத்துச் சுழற்றினால் ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அந்த வில்லையை அசைக்காமல், அதற்கும் திரைக்கும் நடுவில் இன்னொரு வில்லையை 45 பாகை சாய்த்து வையுங்கள். கூடுதலாக ஒரு தடையைச் செருகிய பிறகு வெளிச்சம் திரும்பி வருகிறது. குறையில்லாத வில்லைகளாக இருந்தால் திரையின் ஒளியில் கால் பங்கு வெளியே வரும், ஏனெனில் ஒவ்வொரு 45 பாகைத் திருப்பத்திலும் பாதி கடக்கிறது. கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒளிக்கு 90 பாகைதான் முழு எதிர்நிலை, ஸ்பின்னுக்கு 180 பாகை. இரண்டின் வாய்பாடுகளையும் கலந்துவிடாதீர்கள். மேலும், திரையரங்கில் தரும் முப்பரிமாணக் கண்ணாடிகளில் பல வேறு வகை முனைவாக்கம் கொண்டவை, அவற்றில் இந்தச் சோதனை சரிவராது.

## 6. ஐந்தாம் எடுகோள்: அளக்காதபோது நிலை சீராக நகர்கிறது

அளவீடு நடக்காத நேரத்தில் நிலை ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின்படி மாறுகிறது. அந்த மாற்றத்தில் தற்செயலுக்கு இடமே இல்லை. இன்றைய நிலை தெரிந்தால் பிறகு வரும் எந்த நேரத்தின் நிலையையும் கணக்கிட்டுவிடலாம்.

நிமிர்ந்த, சீரான காந்தப் புலத்தில் |→⟩ நிலையில் ஓர் எலக்ட்ரானை விட்டால், t நேரத்துக்குப் பிறகு வலம் என்ற விடைக்கான நிகழ்தகவு cos²(ωt/2). இதில் ω என்பது ஸ்பின்னின் சராசரித் திசை வட்டமிடும் கோண வேகம். புலத்தின் வலிமை 1 டெஸ்லாவாக இருந்தால் இந்தச் சுற்று நொடிக்கு ஏறத்தாழ 2800 கோடி முறை நடக்கிறது. சாய்ந்து சுழலும் பம்பரத்தின் அச்சு மெல்ல வட்டமிடுவதை உவமையாகச் சொல்வார்கள். சராசரி மதிப்புகளுக்கு அது அப்படியே பொருந்தும்.

ஒரு தனி எலக்ட்ரானுக்குப் பொருந்தாது. பம்பரத்தை எந்தக் கணத்தில் படமெடுத்தாலும் அதன் அச்சு ஒரு திசையில் தெரியும். எலக்ட்ரானை எந்தக் கணத்தில் அளந்தாலும் நாம் கேட்ட அச்சில் இரண்டு விடைகளில் ஒன்றுதான் வரும். சுழற்சியைக் காண வேண்டுமானால், ஒரே மாதிரித் தயாரித்த ஆயிரக்கணக்கான எலக்ட்ரான்களை வெவ்வேறு நேரங்களில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். இன்னொன்று, பம்பரத்தின் அச்சு ஒரு முழு வட்டமிட்டால் பழைய நிலைக்கே வந்துவிடும். ஸ்பின் வெக்டாரோ 360 பாகைக்குப் பிறகு கழித்தல் குறியோடு திரும்புகிறது, 720 பாகைக்குப் பிறகே முழுமையாக மீள்கிறது. தனித்து இருக்கும்போது அந்தக் குறி தெரியாது. கற்றையின் ஒரு பாதையில் மட்டும் ஸ்பின்னைச் சுழற்றி, மற்றதோடு சேர்த்தால் தெரியும். 1975இல் நியூட்ரான்களைக் கொண்டு இதைக் கண்டார்கள்.

தொடக்க நிலை |↑⟩ ஆக இருந்தால் இதே புலத்தில் எந்த நிகழ்தகவும் மாறாது. "நிலை நேரத்தோடு மாறுகிறது" என்ற வரியை மட்டும் நம்பி எல்லாவற்றையும் மாற்றி எழுதிவிட வேண்டாம். முதலில் ஆற்றல் அணியின் ஐகன் வெக்டார்களாக நிலையைப் பிரித்து எழுதுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் கணக்கு அங்கேயே முடிந்தது.

நான்காம், ஐந்தாம் எடுகோள்கள் இரண்டும் வெவ்வேறு விதிகள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று திடீரென்று, தற்செயலாக நடப்பது. மற்றொன்று சீராக, உறுதியாக நடப்பது. அளவிடும் கருவியும் அணுக்களால் ஆனதுதானே, அதற்கு ஏன் ஐந்தாம் எடுகோள் மட்டும் போதாது என்று நீங்கள் கேட்டால், அது நல்ல கேள்வி. அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த விடை இல்லாத கேள்வி. உங்களுக்குப் புரியவில்லை என்று இந்த இடத்தில் உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். கணக்குக்கு, அளவீடு எந்தக் கணத்தில் நடக்கிறது என்று வினாத்தாள் சொல்கிறதோ அந்தக் கணத்தில் விதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

## 7. ஆறாம் எடுகோள்: இரண்டு பொருள்கள் சேரும்போது

இரண்டு ஸ்பின்களின் கூட்டு நிலைக்கு |↑↑⟩, |↑↓⟩, |↓↑⟩, |↓↓⟩ என்று நான்கு அடிப்படை வெக்டார்கள் உண்டு. இவற்றைச் சேர்த்து எழுதும் சில நிலைகளை, முதல் ஸ்பின்னுக்கு ஒரு நிலை, இரண்டாவதற்கு ஒரு நிலை என்று பிரிக்கவே முடியாது. அவற்றுள் முக்கியமானது இது:

(|↑↓⟩ − |↓↑⟩)/√2

இரண்டையும் ஒரே அச்சில் அளந்தால் விடைகள் எப்போதும் எதிரெதிராகவே வரும். ஒரு ஜோடிச் செருப்பில் ஒன்றை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர், பையைத் திறந்து வலது காலுக்கு உரியதைக் கண்டவுடன் ஊரில் இருப்பது இடது என்று அறிந்துகொள்கிறார். வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரே அச்சில் மட்டும் அளந்துகொண்டிருக்கும்வரை இந்த உவமை அப்பழுக்கின்றிப் பொருந்துகிறது. அதனால்தான் பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள்.

ஒன்றுக்கொன்று 120 பாகை இடைவெளியில் மூன்று அச்சுகளை எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பைப் போல விடைகள் புறப்படும்போதே முடிவாகியிருந்தால், முதல் துகள் மூன்று அச்சுகளுக்கும் ஆளுக்கொரு விடையைச் சுமந்து வர வேண்டும். இரண்டாவது துகள் அவற்றுக்கு நேரெதிரான மூன்றைச் சுமக்க வேண்டும். சாத்தியமான விடைகள் இரண்டுதான், அச்சுகளோ மூன்று. ஆகவே முதல் துகளின் பட்டியலில் குறைந்தது இரண்டு அச்சுகளுக்கு ஒரே விடை இருந்தே தீரும். மூன்று அச்சுகளிலிருந்து இரண்டிரண்டாகத் தேர்ந்தால் மூன்று ஜோடிகள். அவற்றில் குறைந்தது ஒரு ஜோடியில், முதல் துகளை ஓர் அச்சிலும் இரண்டாவதை மற்ற அச்சிலும் அளக்கும்போது எதிரெதிர் விடை வரும். எனவே வெவ்வேறு அச்சுகளைக் குருட்டுத்தனமாகத் தேர்ந்து அளந்தால், எதிரெதிர் விடைகளின் பங்கு 1/3க்குக் குறையவே முடியாது.

எடுகோள்களின்படி, அச்சுகளுக்கு இடையே கோணம் θ என்றால் எதிரெதிர் விடைக்கான நிகழ்தகவு cos²(θ/2). θ = 120 பாகை என்றால் cos² 60 பாகை, அதாவது 1/4. 1/3ஐ விட இது குறைவு. எந்த விதமாக நிரப்பிய முன்விடைப் பட்டியலாலும் இந்த எண்ணைத் தர முடியாது. சோதனைகள் குவாண்டம் கணக்கின் பக்கமே நின்றிருக்கின்றன. இந்த வகைச் சோதனைகளுக்காக ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

செருப்பு உவமை உடைந்த வேகத்தில் எதிர்ப்பக்கப் பொறியில் விழுவதும் எளிது. ஒரு துகளை அளப்பதன் வழியாக மற்றதற்குச் செய்தி அனுப்பலாம் என்று நினைக்க வேண்டாம். இரண்டாவது துகளை மட்டும் தனியாக அளப்பவருக்கு, முதல் துகள் எந்த அச்சில் அளக்கப்பட்டாலும், அளக்கப்படாமலே போனாலும், மேலும் கீழும் பாதிக்குப் பாதியாகவே வரும். மேலே உள்ள நிலையை எடுத்து, முதல் துகளை நிமிர் அச்சில் அளந்தால் ஒருமுறை, கிடை அச்சில் அளந்தால் ஒருமுறை என்று இரண்டாவதன் நிகழ்தகவைக் கணக்கிட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்தில் முடியும், இரண்டு முறையும் 1/2 வர வேண்டும். வராவிட்டால், பெரும்பாலும் நான்காம் படியில் சொன்ன இடத்தில்தான் தவறு இருக்கும்: முதல் துகளின் விடை பதிந்துவிட்ட பிறகும் வீச்சுகளைக் கூட்டியிருப்பீர்கள்.